ஃபேன் திருந்திடுச்சா... சென்சார் பொய் சொல்லுச்சா?

3.9... 4.1... 4.4... 4.0. கிரிக்கெட் ரன்ரேட்னு நினைச்சுடாதீங்க பாஸ். கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஓடுற பெரிய ஃபேன் ஒன்றின் நாலு மாச வைப்ரேஷன் கணக்கு இது. மில்லுக்குள்ளே பஞ்சுத் தூசியோடு கலந்து வரும் காற்றை இழுத்து வெளியே தள்ளுகிற ரிட்டர்ன் ஏர் ஃபேன். 37 கிலோவாட் மோட்டார். கான்கிரீட் மேடையில் இறுக்கிப் போட்ட போல்ட். நிமிஷத்துக்கு 1470 சுற்று.

அதன் பேரிங் மேல் மாசம் ஒரு தடவை சென்சார் வைத்து, எவ்வளவு அதிருதுன்னு 'செகண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர்' என்று நோட்டில் எழுதி வைப்பார்கள். மூணு மாசம் ஏறிக்கொண்டே போன நம்பர், நாலாவது மாசம் 4.0 என்று இறங்கியதும் மில்லில் எல்லோருக்கும் நிம்மதி. 'தானா செட் ஆயிடுச்சு போல' என்று விட்டுவிட்டார்கள்.

மெஷின் தானாகத் திருந்துமா? ஜுரம் மாதிரி ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தால் சரியாக, அதென்ன நம்ம உடம்பா? அந்த ஃபேன் கொஞ்சம்கூடத் திருந்தவில்லை. திருந்தாததோடு, நிறுத்தியே ஆகவேண்டிய கோட்டையும் தாண்டியிருந்தது. பொய் சொன்னது சென்சார். அந்தப் பொய்யை எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் மேட்டர். நான் இன்டர்ன்ஷிப் போன காலிபரேஷன் லேபுக்கு, வருஷாந்திர செக்கப்புக்காக அந்த சென்சார் வந்தது. அதனால் கூடவே இருந்து பார்க்கிற சான்ஸ் கிடைத்தது.

உள்ளே என்ன இருக்கு?

செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புதே, அதுக்குக் காரணம் உள்ளே இருக்கிற ஒரு குட்டி ஆக்ஸிலரோமீட்டர். தொழிற்சாலையில் இருப்பது அதுக்குப் பெரியப்பா முறை. கட்டை விரல் சைஸில் ஸ்டீல் டப்பா. உள்ளே அழுத்தினால் மின்னேற்றம் தரும் பீஸோ எலெக்ட்ரிக் துண்டு, அதன் மேல் ஒரு சின்ன எடை. ரெண்டையும் டைட்டாக இறுக்கி வைத்திருப்பார்கள். டப்பா ஆடும்போது, கூட வர அந்த எடை அடம்பிடிக்கும். அந்த அடம் துண்டை அழுத்தும், இழுக்கும். கிடைக்கிற மின்னேற்றத்தை, டப்பாவுக்குள்ளேயே இருக்கிற ஒரு குட்டி சர்க்யூட் வோல்டேஜாக மாற்றி வெளியே அனுப்பும்.

இப்போ முக்கியமான கேள்வி. எவ்வளவு ஆடினால் எவ்வளவு வோல்டேஜ்? இந்தக் கணக்குக்குப் பேர்தான் சென்சிட்டிவிட்டி. தொழிற்சாலைகளில் அதிகம் பார்க்கிற டைப், ஒரு 'ஜி'க்கு சுமார் 100 மில்லிவோல்ட் தரும். ஒரு ஜி என்றால் பூமி நம்மை இழுக்கிற முடுக்கம், 9.81 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர். ப்ளஸ் டூவில் படித்ததுதான். ஆனால் எல்லா சென்சாரும் கரெக்டாக 100 தராது. ஒண்ணு 98.7 தரும், இன்னொண்ணு 102.3 தரும். அதனால் ஒவ்வொரு சென்சாரோடும் ஒரு சர்டிஃபிகேட் வரும். நம்ம மில் சென்சாரின் சர்டிஃபிகேட்டில் இருந்தது 101.5.

கையில் வைத்திருக்கும் வைப்ரேஷன் மீட்டருக்கு மெஷினைப் பற்றி எதுவுமே தெரியாது. வருகிற வோல்டேஜை, நாம் டைப் பண்ணிக் கொடுத்த 101.5-ஆல் வகுக்கும். வந்ததை முடுக்கம் என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து வேகத்தைக் கணக்குப் போட்டு ஸ்கிரீனில் காட்டும். அவ்வளவுதான் அதன் அறிவு. சென்சார் இப்பவும் 101.5 தானே தருது என்று அது ஒருநாளும் திருப்பிக் கேட்காது. அதைக் கேட்கிற இடம்தான் ஷேக்கர் டேபிள்.

முதுகோடு முதுகு

ஷேக்கர் என்றதும் ஜூஸ் கடை ஞாபகம் வந்தால் தப்பில்லை. நிஜத்தில் அது ஸ்பீக்கரின் சொந்தக்காரன். ஸ்பீக்கரில் காந்தத்துக்கு நடுவே காயில் ஆடி, பேப்பர் கோனைத் தள்ளும். ஷேக்கரில் கோனுக்குப் பதில், சென்சாரை ஸ்க்ரூ போட்டு மாட்டுகிற மாதிரி ஒரு உலோக மேடை. எந்த வேகத்தில், எவ்வளவு ஆடணும்னு கம்ப்யூட்டரில் சொன்னால் அப்படியே ஆடும்.

ஆனால் 'இவ்வளவு ஆடுறேன்'னு ஷேக்கர் சொல்வதையும் யாரும் நம்புவதில்லை. அங்கே ஒரு நடுவர் இருக்கார். ரெஃபரன்ஸ் சென்சார். அது மேடையோடு சேர்ந்து கீழே இருக்கும். செக் பண்ணவேண்டிய சென்சாரை அதன் தலைமேல், முதுகோடு முதுகு ஒட்டின மாதிரி ஸ்க்ரூவில் மாட்டுவார்கள். ரெண்டும் ஒரே ஆட்டம் ஆடும். ஒரே ஆட்டத்துக்கு நடுவர் எவ்வளவு வோல்டேஜ் தர்றார், இவர் எவ்வளவு தர்றார்? பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளியே வந்துடும். இந்த ஒப்பீட்டு முறைக்கு ஐ.எஸ்.ஓ. 16063-21 என்று ஒரு ஸ்டாண்டர்டே இருக்கு.

'சரி, அந்த நடுவரை யார் செக் பண்றது?' என்று கேட்பீர்கள். அவரை அவருக்கு மேலே உள்ள இன்னொரு நடுவரோடு ஒப்பிடுவார்கள். அப்படியே ஏறிக்கொண்டே போனால், உச்சியில் ஆட்டத்தை லேசர் ஒளியால் நேரடியாக அளக்கிற முறை இருக்கும். நம்ம நாட்டில் அந்த உச்சிப் படிக்கட்டு டெல்லியில் இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம்.

மாட்டுவதிலும் கலை இருக்கு. ரெண்டு முகத்தையும் துணியால் சுத்தமாகத் துடைத்து, நடுவில் மெல்லிசா ஒரு சொட்டு எண்ணெய் தடவி, டார்க் ஸ்பேனரால் சரியான அளவுக்கு இறுக்குவார் லேப் இன்சார்ஜ். கேபிளையும் தொங்கவிடாமல், ஆடாத இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுவார். நடுவில் ஒரு தூசி உட்கார்ந்திருந்தாலோ, கேபிள் தனியாக சலங்கை கட்டி ஆடினாலோ, அந்த ஆட்டமும் கணக்கில் சேர்ந்துவிடும். "சென்சார் மேல பழி போடறதுக்கு முன்னாடி நம்ம கையைப் பாத்துக்கோணும் கண்ணு" என்பார்.

அதென்ன 159.2?

லேபில் போன முதல் நாளே எனக்கு இந்த டவுட் வந்தது. செக் பண்ணுவது 159.2 ஹெர்ட்ஸில். 100 இல்லை, 150 இல்லை... ஆட்டோ நம்பர் மாதிரி அதென்ன 159.2?

பதில் கேட்டதும் சபாஷ் போடத் தோன்றியது. ஹெர்ட்ஸை 2 பையால் பெருக்கினால் கோண அதிர்வெண் வரும். 159.2-ஐப் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய கரெக்டாக 1000. இப்போ மேடையை 10 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் முடுக்கத்தில் ஆட்டுகிறோம். வேகம் வேணும்னா 1000-ஆல் வகுக்கணும். வகுத்தால் செகண்டுக்கு 10 மில்லிமீட்டர். நகர்ந்த தூரம் வேணும்னா மறுபடியும் 1000-ஆல் வகுக்கணும். வகுத்தால் 10 மைக்ரான். முடுக்கம் 10, வேகம் 10, தூரம் 10. மீட்டரில் எந்த பட்டனைத் தட்டினாலும் 10 வரணும். வராவிட்டால் எங்கேயோ கோளாறுன்னு கால்குலேட்டர் இல்லாமலே சொல்லிடலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் 50, 100, 150 என்று மடங்கு மடங்காக வயரில் புகுந்து வரும். 100-ல் செக் பண்ணினால் சென்சார் தந்தது எது, ஈ.பி. தந்தது எது என்று பிரிப்பது கஷ்டம். 159.2 எந்த மடங்கிலும் மாட்டாது. அப்படியும் சந்தேகம் என்றால் ஷேக்கரை நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்ப்பார்கள். மேடை சும்மா இருக்கும்போதும் வோல்டேஜ் வந்தால், அது அதிர்வே இல்லை, வயரிங் பண்ற சேட்டை.

குட்டு வெளிப்பட்டது

மில் சென்சாரை மாட்டியாச்சு. முதலில் பார்த்தது பயாஸ் வோல்டேஜ். இந்த டைப் சென்சாருக்கு மீட்டர்தான் கரண்ட் கொடுக்கும். அப்போது ஆட்டமே இல்லாதபோதும் வயரில் ஒரு நிலையான வோல்டேஜ் நிற்கும். பொதுவாக 8-லிருந்து 14 வோல்ட்டுக்குள் இருந்தால் கேபிளும் உள்ளே இருக்கிற சர்க்யூட்டும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். நம்மாளுக்கு 11 சொச்சம். பக்கா! மில்லில் இந்த சென்சார் மேல் யாருக்கும் சந்தேகமே வராததுக்கு இதுவும் ஒரு காரணம். மீட்டரில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. சிக்னல் வருது. பார்க்க எல்லாமே ஓகே.

ஷேக்கரை ஆன் பண்ணினோம். 159.2 ஹெர்ட்ஸ், 10 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர். நடுவரின் சென்சிட்டிவிட்டி ஒரு ஜிக்கு 100.2 மில்லிவோல்ட். அவர் காட்டியது 102.2. அப்படின்னா மேடை ஆடுவது 102.2-ஐ 100.2-ஆல் வகுத்தது, 1.02 ஜி. அதே 1.02 ஜிக்கு மில் சென்சார் என்ன தரணும்? 101.5-ஐ 1.02-ஆல் பெருக்கினால் 103.5 மில்லிவோல்ட். வந்தது எவ்வளவு தெரியுமா? 87.9!

87.9-ஐ 1.02-ஆல் வகுத்தால் 86.2. சர்டிஃபிகேட்டில் 101.5, நிஜத்தில் 86.2. நூத்துக்குப் பதினைந்து குறைவு. இந்த மாதிரி ஒப்பீட்டில் ஒரு சதவீதம், ரெண்டு சதவீதம் முன்னே பின்னே வருவது சகஜம். அளக்கும் முறையிலேயே அவ்வளவு சந்தேக இடைவெளி உண்டு. அதனால் போன வருஷம் 101.5, இந்த வருஷம் 100.9 என்று வந்தால் யாரும் தலையில் கை வைக்க மாட்டார்கள். பதினைந்து அந்தக் கணக்கில் சேராது.

உடனே தீர்ப்பு எழுதவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தார்கள். அதே 86. அதே இடத்தில், அதே கேபிளில், நல்லா இருக்கிற இன்னொரு சென்சாரை மாட்டிப் பார்த்தார்கள். அது சமர்த்தாக அதன் சர்டிஃபிகேட் நம்பரைச் சொன்னது. அப்போ ஷேக்கர், கேபிள், மீட்டர் எல்லாம் நிரபராதி. குற்றவாளி சென்சாரேதான்.

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது டப்பாவின் விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு நசுங்கல். "கீழ விழுந்திருக்குது" என்றார் இன்சார்ஜ். இடுப்பு உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விழுந்தா என்ன ஆகிடும்னு தோணும். ஆனால் ஸ்டீல் டப்பா கான்கிரீட்டில் மோதி நிற்பதற்கு ஆகும் நேரம் கண் சிமிட்டலைவிட ரொம்ப ரொம்பக் கம்மி. அந்தத் துளி நேரத்தில் நிற்கணும்னா, முடுக்கம் ஆயிரக்கணக்கான ஜிக்குப் போகும். இந்த டைப் சென்சார்கள் பெரும்பாலும் 5000 ஜி வரைதான் தாங்கும்னு டேட்டா ஷீட்டிலேயே போட்டிருக்கும். அதுக்கு மேலே போனால் உள்ளே பீஸோ துண்டில் விரிசல் விழலாம், எடையை இறுக்கிப் பிடித்திருக்கிற பிடி தளரலாம். சர்க்யூட்டுக்கு ஒண்ணும் ஆகாததால் பயாஸ் மட்டும் நல்ல பிள்ளையாட்டம் நிற்கும்.

ஃபேன் கணக்கு

இனிமேல்தான் ஹைலைட். சென்சார் 15 சதவீதம் கம்மியாகச் சொல்லுது. மீட்டரோ இன்னும் 101.5-ஆலேயே வகுக்குது. அப்போ மில்லில் பார்த்த 4.0-க்கு உண்மையான விலை என்ன? 4.0-ஐ 101.5-ஆல் பெருக்கி 86.2-ஆல் வகுக்கணும். விடை 4.7.

ஒரு சந்தேகம் வரணும். லேபில் செக் பண்ணியது 159.2 ஹெர்ட்ஸில். ஃபேன் சுற்றுவதோ நிமிஷத்துக்கு 1470, அதாவது 24.5 ஹெர்ட்ஸ். அங்கே எடுத்த 86-ஐ இங்கே போடலாமா? போடக்கூடாது, பார்த்துட்டுத்தான் போடணும். அதனால்தான் ஷேக்கரை 25 ஹெர்ட்ஸிலும், ஆட்டத்தைக் குறைத்தும் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் 86-ஐ ஒட்டியே வந்தது. ஆக 4.7 நம்பக்கூடியது.

இப்போ அந்த நாலு மாசத்தை மறுபடியும் எழுதிப் பாருங்கள். 3.9, 4.1, 4.4, 4.7. இறக்கமே இல்லை. நேர் கோடு மாதிரி ஏறுமுகம். நாலாவது மாசத்துக்கு முன்னாடி சென்சார் விழுந்திருக்கு. அதனால் ஏற்றம் இறக்கமாகத் தெரிந்திருக்கு.

4.0-க்கும் 4.7-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஐ.எஸ்.ஓ. 10816-3 என்கிற ஸ்டாண்டர்டின் 2009 பதிப்பில் ஒரு அட்டவணை உண்டு. (2022-ல் அதன் இடத்துக்கு 20816-3 வந்தது.) 15-லிருந்து 300 கிலோவாட்டுக்குள், அசையாத அஸ்திவாரத்தில் உட்கார்ந்திருக்கும் மெஷின்களுக்கு அதில் நாலு மண்டலம். செகண்டுக்கு 2.8 மில்லிமீட்டரிலிருந்து 4.5 வரை மூணாவது மண்டலம். அங்கே கொஞ்ச காலம் ஓட்டலாம், ஆனால் சரி பண்ண நாள் குறிக்கணும். 4.5-ஐத் தாண்டினால் கடைசி மண்டலம். அந்த ஆட்டமே மெஷினை உடைக்கிற அளவுக்குப் போகலாம். 4.0 என்றால் 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்'. 4.7 என்றால் 'இப்பவே நிறுத்துங்க'. நம்பரில் வித்தியாசம் 0.7-தான். முடிவில் வித்தியாசம் தலைகீழ்.

இந்த மாதிரி பழுது நைஸாகத் தப்பிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஸ்பெக்ட்ரம் படத்தைப் பார்த்தால் எந்த அதிர்வெண்ணில் ஆட்டம் அதிகம்னு தெரியும். இந்த ஃபேனுக்கு 24.5 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு உயரமான கோடு. சுற்றும் வேகத்திலேயே ஆட்டம் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பேலன்ஸ் போனதைத்தான். சென்சிட்டிவிட்டி குறைந்தாலும் அந்தக் கோடு அதே இடத்தில்தான் நிற்கும், உயரம் மட்டும் குட்டையாகும். என்ன வியாதி என்பது கரெக்டாகத் தெரியும். எவ்வளவு முற்றியிருக்கு என்பதில்தான் ஏமாறுவோம்.

லேபிலிருந்து போன் போனது. மில்லில் வேறொரு சென்சாரை வைத்துப் பார்த்தார்கள். 4.7-ஐ ஒட்டித்தான் வந்தது. ஷிஃப்ட் மாறும்போது ஃபேனை நிறுத்தித் திறந்தால், இறக்கைகளில் ஈரப் பஞ்சு அடை அடையாக ஒட்டிக் காய்ந்து கிடந்தது, அதுவும் ஒரு பக்கம் ஜாஸ்தியாக. சுரண்டிக் கழுவி ஓட்டியதும் நம்பர் 2.3-க்கு இறங்கியது. இதுதான் நிஜமான இறக்கம்! இன்னும் ரெண்டு மாசம் அப்படியே ஓடியிருந்தால் பேரிங் கதி என்ன ஆகியிருக்குமோ.

மில்லிலேயே கண்டுபிடிச்சிருக்கலாமா?

ஷேக்கர் இல்லாமலே ஒரு துப்பு கிடைத்திருக்கும். அந்த மில்லில் அதே சென்சாரோடு ஒரு ரவுண்டு போய் நிறைய மெஷின்களைப் பார்ப்பார்கள். பழைய நோட்டைப் புரட்டினால், விழுந்த மாசத்தில் இன்னொரு ஃபேன் 2.1-லிருந்து 1.8-க்கு இறங்கியிருக்கு. கம்ப்ரஸர் மோட்டார் 3.4-லிருந்து 2.9. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மெஷின்கள், ஒரே மாசத்தில், ஒரே மாதிரி நூத்துக்குப் பதினாலு பதினைந்து குறைந்திருக்கு! ஒரு மெஷின் இறங்கினால் அது மெஷின் சமாசாரம். எல்லாமே ஒரே விகிதத்தில் இறங்கினால் அது சென்சார் சமாசாரம். ஃபேன் ஒண்ணை மட்டுமே தனியாகப் பார்த்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

86.2-ன்னு மாத்திப் போட்டா முடிஞ்சுதே?

'புது சென்சிட்டிவிட்டி தெரிஞ்சுபோச்சு. மீட்டரில் 101.5-ஐ அழிச்சுட்டு 86.2-ன்னு போட்டா வேலை முடிஞ்சுது'ன்னு நானும் நினைத்தேன், கேட்டேன். இன்சார்ஜ் சிரித்துவிட்டு, "இன்னொருக்கா ஓட்டிப் பாரு கண்ணு" என்றார்.

ஆட்டத்தை 10-லிருந்து 50-க்கு ஏற்றினோம். நல்ல சென்சார் என்றால் ஆட்டம் அஞ்சு மடங்கானால் வோல்டேஜும் அஞ்சு மடங்காகணும், சென்சிட்டிவிட்டி அசையக்கூடாது. இது 83-க்கு வழுக்கியது. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி, திரும்ப 10-ல் ஓட்டினோம். இப்போ 85.1. ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர் சொல்கிற சாட்சியை எந்தக் கோர்ட் நம்பும்?

வயசாகி மெதுவாக ஒண்ணு ரெண்டு சதவீதம் நகர்ந்த சென்சாருக்குப் புது நம்பர் கொடுத்து வேலை வாங்கலாம். அடிபட்டுப் பதினைந்து சதவீதம் குதித்ததுக்கு அப்படிக் கொடுக்க முடியாது. உள்ளே விரிசலோ தளர்வோ இருந்தால் அடுத்த மாசம் இன்னும் மோசமாகும். ரிப்போர்ட்டில் 'பயன்படுத்தத் தகுதியில்லை'ன்னு எழுதி சிவப்பு அட்டை கட்டினார்கள். போன தடவை செக் பண்ணியதிலிருந்து அந்த சென்சாரால் எடுத்த எல்லா ரீடிங்கையும் திரும்பப் பார்க்கச் சொல்லி மில்லுக்கு ஒரு குறிப்பும் போனது. சென்சாரை மாற்றுவதைவிட முக்கியமான வேலை அதுதான்.

ஷேக்கர் சொல்லாத விஷயம்

இவ்வளவு சொன்ன ஷேக்கர் ஒரு விஷயத்தைச் சொல்லாது. மெஷினில் சென்சாரை நீங்க எப்படி ஒட்டுறீங்க என்பதை. லேபில் ஸ்க்ரூ போட்டு, எண்ணெய் தடவி, அளவாக இறுக்கினோம். மில்லில் அவசரத்துக்கு அடியில் ஒரு காந்தத்தை மாட்டி டப்புன்னு ஒட்டுவார்கள். காந்தம் கொஞ்சம் ஸ்பிரிங் மாதிரி. அதன் மேல் சென்சார் உட்கார்ந்தால், ஸ்பிரிங் மேல் எடை வைத்த கதைதான். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வந்ததும் தன்னிஷ்டத்துக்கு ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் அதுக்கு ரொம்ப முன்னாடியே தலைகாட்டத் தொடங்கிடும்.

மெக்கானிக்கல் வைப்ரேஷன் பேப்பரில் வருகிற ஃபார்முலாவிலேயே கணக்குப் போடலாம். காந்தத்தோடு சேர்ந்த ஒத்ததிர்வு 6000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூணில் ஒரு பங்கான 2000 ஹெர்ட்ஸில் அளந்தால், ஒன்றிலிருந்து மூணில் ஒண்ணின் வர்க்கத்தைக் கழித்து, அதால் ஒன்றை வகுக்கணும். விடை 1.125. சென்சார் புத்தம் புதுசா இருந்தாலும் நூத்துக்குப் பன்னிரண்டு ஜாஸ்தியாகக் காட்டும். நம்ம ஃபேன் 24.5 ஹெர்ட்ஸில் ஆடுவதால் காந்தம் ஒரு பிரச்னையே இல்லை. ஆனால் பேரிங் கீறலைக் கேட்க 2000, 3000 ஹெர்ட்ஸுக்குப் போகும்போது, அந்த நம்பரை அப்படியே முழுங்கக்கூடாது. சந்தேகமா இருந்தா அதே காந்தத்தோடயே சென்சாரை ஷேக்கரில் உட்கார வைத்து, அதிர்வெண்ணை மெல்ல மெல்ல ஏற்றிப் பார்க்கலாம். எங்கே ரீடிங் தலைதூக்குதோ, அதுக்குக் கீழேதான் அந்தக் காந்தத்தை நம்பலாம்.

உங்க ப்ராஜெக்டுக்கு வைப்ரேஷன் எடுக்கப் போறீங்களா? லேபில் சென்சாரை வாங்கும்போதே அதன் சீரியல் நம்பருக்கான சர்டிஃபிகேட்டைக் கேளுங்கள். மீட்டரில் டைப் பண்ணியிருக்கிற நம்பரும் அதுவும் ஒண்ணுதானான்னு பாருங்கள். கையில் பிடிக்கிற குட்டி ஷேக்கர் உங்க டிபார்ட்மென்ட்டில் இருந்தால், ரீடிங் எடுக்குமுன் ரெண்டு நிமிஷம், முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் அதில் சென்சாரை மாட்டி, வந்த நம்பரை ரீடிங் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ரெண்டும் ஒத்துப்போனால், நடுவில் எடுத்த அத்தனை நம்பருக்கும் சாட்சி கிடைச்சாச்சு. அப்புறம், சென்சார் தரையில் விழுந்தா சத்தம் போடாம எடுத்துப் பாக்கெட்டில் போடாதீங்க பாஸ். முதல்ல அதை ஷேக்கர் மேல ஏத்துங்க!